வெயில்ல செவந்த முகத்தைத் தணிக்கிறதும், பார்த்தா நம்புற மாதிரி டேன் கொண்டு வர்றதும்: செலக்டிவ் கலர் வச்சு முழு வழிகாட்டி

போட்டோல முகம் செவந்து இருக்குன்னா முக்கால்வாசி பேர் மொதல்ல கை வைக்கிறது சாச்சுரேஷன்லதான். ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தா செவப்பு போகும், கூடவே உசுரும் போயிடும், ஆள் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்து எழுந்து வந்த மாதிரி சாம்பல் பூத்துத் தெரிவாங்க. ஏன்னா வெந்த தோல்ல கலர் ஜாஸ்தி ஆகல, கலவைதான் மாறியிருக்கு. தோல் வெந்தா அதுக்கு அடியில இருக்குற சின்ன ரத்தக் குழாய்ங்க விரியும், மேல்பக்கமா ரத்தம் கூடும், ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நல்லா விழுங்கிடும். அதனால கேமராவுக்குத் திரும்பி வர்ற பச்சை குறையுது, நம்ம கண்ணுக்கு அது செவப்பாத் தெரியுது. டேன் அப்படி இல்ல. அது மெலனின் வேலை, மெலனின் எல்லா ஒளியையும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும், ஆனா நீலத்தைத்தான் ஜாஸ்தியா குடிக்கும். இந்த ரெண்டு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா எந்த ஸ்லைடரை எதுக்குத் தொடணும்னு தானா புரியும்.

டூல் பத்தி சுருக்கமா. நாம எடுக்கப் போறது செலக்டிவ் கலர், ஒவ்வொரு நிறத்துக்குள்ளயும் இருக்குற மை அளவைத் தனித்தனியா மாத்துற வசதி. போட்டோஷாப்ல எந்த வெர்ஷனா இருந்தாலும் ஓகே, காசு இல்லன்னா ஃபோட்டோபியா ப்ரவுசர்லயே ஓடுது, அதுலயும் இதே செலக்டிவ் கலர் இருக்கு. லைட்ரூம்ல இந்தப் பேர்ல ஒண்ணு கிடையாது, அங்க இருக்குற ஹியூ ஸ்லைடருங்க வேற மாதிரி வேலை செய்யும், அதனால கீழ சொல்ற நம்பரை அங்க கொண்டு போய் போடாதீங்க.

நம்ம கேஸ்

சித்தி பையன் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட அலிபாக் போனான். கேட்வேல படகு ஏறி மாண்ட்வா போறவரைக்கும் மேல்தட்டுல நின்னுக்கிட்டு, அப்புறம் பீச்ல மத்தியானம் பூரா கிரிக்கெட். மறுநாள் சாயங்காலம் மாட்டுங்கால நிச்சயதார்த்தம். வெயில்ல வெந்தா செவப்பு உடனே முழுசா தெரியாது, கிட்டத்தட்ட 12-லேர்ந்து 24 மணி நேரத்துல உச்சத்துக்கு வரும், அதாவது கரெக்டா தட்டு மாத்துற நேரத்துக்கு. மூக்கு, கன்னத்து எலும்பு, காது மடல் எல்லாம் செவசெவன்னு. தொப்பி போட்டிருந்ததால நெத்தியில பாதிக்கு மேல பழைய கலரு, கண்ணைச் சுத்தி கூலிங்கிளாஸ் அச்சு. ஆல்பம் பார்த்த சித்தி, "செவப்பை மட்டும் எடுத்துடுடா, அவன் கலரை மாத்திடாத, பொண்ணு வீட்ல இது யாருன்னு கேட்டுடப் போறாங்க"ன்னாங்க. எடிட்டிங் ப்ரீஃப்னா இதைவிடத் தெளிவா யாரும் சொன்னதில்ல.

மொதல்ல அது வெயில் செவப்புதானான்னு பாருங்க

நிச்சயதார்த்த ஹால்ல பின்னாடி மெரூன் துணி, பக்கத்துல எல்லாரும் பட்டுப்புடவை, மேல மஞ்ச லைட்டு. இதுங்க எல்லாம் முகத்துல அடிச்சு செவப்பைக் கூட்டும். அதை வெயில்ல வெந்ததுன்னு நெனச்சு தோலைத் திருத்தினா மிச்ச படம் பூரா கோணிக்கும். அதனால படத்துல ஏதாவது வெள்ளை தேடுங்க, வேட்டி ரொம்ப வசதி. ஐட்ராப்பர் எடுத்து மேல சாம்பிள் சைஸை 5 by 5 Average-னு மாத்திட்டு (ஒத்தைப் பிக்சலை நம்பக்கூடாது, அதுல நாய்ஸ் இருக்கும்) வேட்டி மேல வச்சு இன்ஃபோ பேனலைப் பாருங்க. இந்தப் படத்துல சிவப்பு, பச்சை, நீலம் வரிசையா 228, 224, 219 வந்துச்சு, மூணும் கிட்டக்கிட்ட, அப்போ லைட்டு பரவால்ல. சிவப்பு மட்டும் 15, 20 தூக்கி நிக்குதுன்னா மொதல்ல வொயிட் பேலன்ஸை சரி பண்ணிட்டு அப்புறம் தோலுக்கு வாங்க. பாதிக் கேஸ்ல அதோடயே வேலை முடிஞ்சிடும்.

அதே ஆளோட நல்ல தோலை அளவுகோலா வைங்க

யூட்யூப்ல "மெஜந்தா மைனஸ் 20, எல்லோ ப்ளஸ் 15 வைங்க"ன்னு நம்பர் கொடுப்பாங்க. அது அவங்க போட்டோல இருக்குற ஆளுக்கு. நம்ம ஊர் தோல்ல வெளிர் கோதுமைலேர்ந்து நல்ல கருப்பு வரைக்கும் எத்தனை வகை, எல்லாருக்கும் ஒரே நம்பர் எப்படிப் பொருந்தும். அதே முகத்துல வெயில் படாத இடம் ஒண்ணு இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு அதுகிட்ட கொண்டு போறதுதான் நம்ம டார்கெட். கழுத்தை நம்பாதீங்க, சட்டை பட்டன் தொறந்திருந்தா அங்கயும் வி ஷேப்ல வெந்திருக்கும். காதுக்குக் கீழ இருக்குற இடம் நிழல்ல இருக்கும், அதுவும் வேணாம். இவனுக்கு தொப்பிக்குக் கீழ மறைஞ்சிருந்த நெத்தி கெடச்சது, மூக்கு மேல விழற அதே லைட்டு அங்கயும் விழுது.

கலர் சாம்ப்ளர் டூலால ரெண்டு புள்ளி வச்சேன். நெத்தியில 190, 138, 108. மூக்குப் பக்கவாட்டுல 196, 108, 100. இதை நிதானமாப் பாருங்க. சிவப்பு 190-க்கு 196, அது ஒண்ணும் பெருசா மாறல. நீலம் 108-க்கு 100, அதுவும் பெரிய விஷயமில்ல. பச்சைதான் 138-லேர்ந்து 108-க்கு விழுந்து கெடக்கு. இன்ஃபோ பேனல்ல இன்னொரு ரீட்அவுட்டை அச்சு மை கணக்கான CMYK-க்கு மாத்திப் பார்த்தா இதையே வேற மாதிரி சொல்லும்: நெத்தியில எல்லோ மெஜந்தாவைவிட மேல இருக்கும், மூக்குல மெஜந்தா எல்லோவைத் தாண்டியிருக்கும். நம்ம தோல் ஆரோக்கியமா இருந்தா பொதுவா எல்லோதான் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், அது தலைகீழா போச்சுன்னா அங்க செவப்பு ஏறியிருக்குன்னு அர்த்தம்.

லேயர் போடுங்க, உடனே மாஸ்க்கை கருப்பாக்குங்க

`Layer > New Adjustment Layer > Selective Color`. கீழ ரிலேடிவ், அப்சொல்யூட்னு ரெண்டு இருக்கும், ரிலேடிவ்லயே விடுங்க. ரிலேடிவ்னா ஏற்கனவே இருக்குற மையில இத்தனை சதவீதம்னு கணக்கு, 50 சதவீதம் மெஜந்தா இருக்குற எடத்துல 10 கூட்டினா 55 ஆகும். அப்சொல்யூட்ல நேரா 60 ஆயிடும். தோலுக்கு அவ்ளோ முரட்டுத்தனம் ஆகாது.

செலக்டிவ்னு பேர் இருக்கேன்னு இது முகத்தை மட்டும் தேடிப் பிடிக்கும்னு நெனச்சுடாதீங்க. டிராப்டவுன்ல ரெட்ஸ்னு சொன்னா, சிவப்பு மேலோங்கியிருக்குற எல்லா பிக்சலும் அதுல வரும். எவ்வளவு வேகமா மாறும்ங்கிறது சிவப்புக்கும் அடுத்த பெரிய நம்பருக்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கிறதைப் பொறுத்தது. மூக்குல 196-க்கும் 108-க்கும் 88 வித்தியாசம், நெத்தியில வெறும் 52, அதனால ஒரே ஸ்லைடர் இழுத்தாலும் வெந்த எடத்துல ஜாஸ்தியாவும் நல்ல எடத்துல கம்மியாவும் மாறும், அதுதான் இந்த டூலோட அழகே. ஆனா பக்கத்துல அரக்கு பட்டுப்புடவை 170, 20, 35-ன்னு நிக்குது பாருங்க, அங்க வித்தியாசம் 135. அப்போ தோலைவிட புடவைதான் ஜாஸ்தியா மாறும். குங்குமம், உதடு, மணிக்கட்டுல கட்டியிருக்குற ரோஜா எல்லாம் அதே கதைதான். மாஸ்க் போடாம விட்டா அரக்கு புடவை ஆரஞ்சு புடவையா மாறி, எடுத்துக் கொடுத்த மாமியார் கண்டுபிடிச்சிடுவாங்க.

அதனால மாஸ்க்கை செலக்ட் பண்ணி `Ctrl + I` அடிங்க, மேக்ல `Cmd + I`, கருப்பாயிடும். ஸ்லைடரை செட் பண்ற வரைக்கும் ஒரு தோராயமா மூக்கு, கன்னத்துல மட்டும் வெள்ளை பிரஷ்ஷால ஒரு தடவு தடவிட்டு நம்பரைப் பாருங்க, முழு மாஸ்க் அப்புறம்.

எந்த ஸ்லைடர், எவ்வளவு

ரெட்ஸ்ல மெஜந்தாவைக் குறைக்கணும், மெஜந்தா மைதான் பச்சையை விழுங்குறது, அதனால பச்சையைத் திருப்பிக் கொண்டு வர்றது அதுதான். மைனஸ் 15-லேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா இழுத்துக்கிட்டே இன்ஃபோ பேனல்ல மூக்குப் புள்ளியைப் பாருங்க, பழைய நம்பரும் புது நம்பரும் பக்கத்துல பக்கத்துல காட்டும். இந்தப் படத்துல மைனஸ் 45 வந்தப்போ பச்சை 108-லேர்ந்து கிட்டத்தட்ட 130-ஐத் தொட்டுச்சு. நெத்தியோட 138 வரைக்கும் போகல, வேணும்னேதான் அங்கேயே நிறுத்தினேன். மூக்கும் கன்னமும் எந்த மனுஷனுக்கும் நெத்தியைவிடக் கொஞ்சம் செவப்பாத்தான் இருக்கும், அதையும் சமப்படுத்தினா முகமே தட்டையாயிடும்.

எல்லோவைத் தொடவே இல்ல. நெறைய பேர் மெஜந்தாவைக் குறைச்ச கையோட எல்லோவையும் கூட்டுவாங்க, பழக்கதோஷம். கணக்குப் போட்டுப் பாருங்க, மூக்குல இப்போ ஏறக்குறைய 196, 131, 100. பச்சைக்கும் நீலத்துக்கும் 31 வித்தியாசம், நெத்தியில 30. ஏற்கனவே பொருந்திடுச்சு, இதுக்கு மேல எல்லோ கூட்டினா மஞ்சள் தேச்சுக் குளிச்ச மாதிரி ஆயிடும். நீலம் ரொம்ப மேல நிக்குற படத்துல மட்டும், அதாவது செவப்பு கத்திரிப்பூ பக்கம் சாயுற படத்துல மட்டும், எல்லோ 5, 10 தேவைப்படும்.

சயான் ஸ்லைடர் ரெட்ஸ்ல ஒண்ணுமே பண்ணாத மாதிரி தெரியும், ஸ்லைடர் கெட்டுப் போகல. சிவப்பான எடத்துல சயான் மையே கம்மி, ரிலேடிவ்ல இருக்குறதுல சதவீதம்தானே கணக்கு, அதனால 20 கூட்டினாலும் சிவப்பு 4 பாயிண்ட் இறங்கினா பெருசு. அந்த 4 பாயிண்ட் இங்க தேவைதான், 20 வச்சேன், மூக்கு 192-க்கிட்ட வந்து நின்னுச்சு. பிளாக் ஸ்லைடரை செவப்புத் தணிக்கிறதுக்குத் தொடாதீங்க, பச்சை ஏறினதுலயே அந்த எடம் தானா கொஞ்சம் வெளுத்திருக்கும்.

யெல்லோஸ் பக்கம் போக வேண்டியதில்ல, வெந்த எடத்துல பச்சையும் நீலமும் கிட்டக்கிட்ட இருக்குறதால அந்த டிராப்டவுனுக்கு அங்க பிடிமானமே கிடையாது. மெஜந்தாஸும் அப்படித்தான்.

இப்போ பொறுமையா மாஸ்க்

வெள்ளை பிரஷ், ஹார்ட்னெஸ் 0, ஃப்ளோ 10-லேர்ந்து 15. ஃப்ளோ கம்மியா வச்சாத்தான் கன்னத்து நடுவுல நாலு தடவை, ஓரத்துல ஒரு தடவைன்னு ஏத்தி இறக்க முடியும், வெந்த தோலும் அப்படித்தானே நடுவுல அதிகமாவும் ஓரத்துல கம்மியாவும் இருக்கும். எங்கெங்க செவப்பு இருக்குன்னு கண்ணு சட்டுனு சொல்லாது, அதுக்கு ஒரு வழி இருக்கு: எல்லாத்துக்கும் மேல ஒரு ஹியூ சாச்சுரேஷன் லேயர் போட்டு சாச்சுரேஷனை ப்ளஸ் 60 தூக்கி விடுங்க. அசிங்கமா இருக்கும், ஆனா செவப்புத் திட்டு எல்லாம் மேப் போட்ட மாதிரி பளிச்சுனு தெரியும். பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் அந்த லேயரை மறக்காம டிலீட் பண்ணிடுங்க.

இதுல எப்பவும் விட்டுப்போறது காதுதான். முகம் பூரா சாந்தமாயிடும், ரெண்டு காது மட்டும் தனியா எரியும். அப்புறம் கழுத்துப் பின்பக்கம், வகிடு எடுத்த எடத்துல மண்டைத் தோல், கையில சட்டை முடியுற எடத்துல இருக்குற கோடு. காதுல வெளிச்சம் பின்னாடிலேர்ந்து வந்தா அது இயற்கையாவே செவப்பா ஒளிரும், அதை விட்டுடுங்க, அது வெந்ததில்ல. உதட்டுக்கிட்ட வந்ததும் பிரஷ்ஷைச் சின்னதாக்கி ஓரத்தோட நிறுத்துங்க, உதடு மாஸ்க்குக்குள்ள வந்தா ஆள் ரத்தசோகைக்காரன் மாதிரி ஆயிடுவான்.

தப்பாப் போச்சுன்னா எப்படித் தெரியும்

மீசை தாடி ஷேவ் பண்ணின எடத்துல பச்சை கலந்த சாம்பல் தெரிஞ்சா மெஜந்தா ஓவராக் கொறைஞ்சிருக்கு, அங்க ஏற்கனவே சிவப்பு கம்மி. கருப்பு பிரஷ்ஷால அந்த எடத்தை மட்டும் தொடச்சு விடுங்க, ஸ்லைடரை மாத்தாதீங்க.

மூக்கு நுனியில வேர்வை மினுக்கம் இருந்து, திருத்தினதும் அது எண்ணெய் வழியுற மாதிரி பெருசாத் தெரிஞ்சா, லேயரோட பிளெண்ட் மோடை Color-க்கு மாத்திப் பாருங்க. அப்போ நிறம் மட்டும் மாறும், வெளிச்சம் பழையபடியே நிக்கும். ஆனா அதுல ஒரு வில்லங்கம், செவந்த எடம் இருட்டாவும் இருந்துச்சுன்னா நிறம் போயும் அந்த இருட்டு ஒரு அழுக்குத் திட்டு மாதிரி நிக்கும். நம்ம கருப்புத் தோல்ல இதுதான் ஜாஸ்தி நடக்கும், வெந்தா பிங்க் ஆகாம ஒரு மாதிரி அடர்த்தியா, செம்பழுப்பா ஆகும். அங்க நார்மல் மோடுலயே விட்டு மினுக்கத்தைத் தனியாப் பார்த்துக்குறதுதான் நல்லது.

சிவப்பு சேனல் 255-ல முட்டி நிக்குதுன்னா, உதாரணத்துக்கு ஃப்ளாஷ் அடிச்ச கன்னம், அங்க தோலோட நுணுக்கம் ஏற்கனவே போயிடுச்சு, செலக்டிவ் கலரால அதைத் திருப்பித் தர முடியாது. ரா ஃபைல் இருந்தா அங்கேயே எக்ஸ்போஷரைக் குறைச்சு எடுத்துட்டு வாங்க. தோல் உரிஞ்சு செதில் செதிலா இருந்தா அதுவும் கலர் வேலை இல்ல, ஹீலிங் பிரஷ் வேலை. வாட்ஸப்ல வந்த ஜேபெக்ல மைனஸ் 45 எல்லாம் போட்டா கட்டம் கட்டமாத் திட்டுத் தெரியும், ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, இது என் சொந்தக் கறார். செவப்பை எடுங்கன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படியே வெளுப்பாவும் ஆக்கிடுங்கன்னு சொல்லாம சொல்லுவாங்க. முடிச்சதும் மூக்கு நெத்தியைவிட வெளிச்சமாத் தெரியுதான்னு அதே ரெண்டு புள்ளியில பாருங்க, தெரிஞ்சா நீங்க தணிக்கல, வெள்ளையடிச்சிருக்கீங்க. ஒபாசிட்டியைக் குறைங்க.

டேன் வேணும்னா

இது எதிர்ப்பக்க வேலை. இங்க மும்பைல நடிப்பு, மாடலிங் பக்கம் ஃபிட்னஸ் ஷூட்டுக்கு அடிக்கடி கேப்பாங்க, இல்லன்னா பைக்ல போய்ப்போய் கை மட்டும் கருத்து, புஜம் வெளுப்பா இருக்கும், ரெண்டையும் சேர்க்கணும்பாங்க. எல்லாரும் பண்ற தப்பு, ரெட்ஸ்லயும் யெல்லோஸ்லயும் கலரை ஏத்துறது. வர்றது டேன் இல்ல, ஆரஞ்சு.

புதுசா ஒரு செலக்டிவ் கலர் லேயர், ரிலேடிவ், டிராப்டவுன்ல நியூட்ரல்ஸ். ஆமா, ரெட்ஸ் இல்ல. சாதாரண தோல் 205, 160, 130 மாதிரி இருக்கும்போது ரெட்ஸுக்குக் கெடைக்கிற பிடி 45 அளவுதான், நியூட்ரல்ஸுக்கு அதைப்போல மூணு மடங்குக்கும் மேல. அதுல பிளாக் ப்ளஸ் 15 வைங்க. ரிலேடிவ்ல பிளாக் கூட்டினா சிவப்பு கொஞ்சமா, பச்சை அதைவிட ஜாஸ்தியா, நீலம் எல்லாத்தையும்விட ஜாஸ்தியா இறங்கும், மெலனின் பண்றதும் அதே வரிசைதான். அப்புறம் எல்லோ ப்ளஸ் 6. இந்தத் தோல் ஏறக்குறைய 200, 150, 111-க்கு வரும். கருத்திருக்கு, ஆனா செவக்கவும் இல்ல, ஆரஞ்சும் அடிக்கல. இதுக்கு மேல வேணும்னா பிளாக்கை ஏத்துங்க, எல்லோவை 10 தாண்ட விடாதீங்க.

நியூட்ரல்ஸ் படத்துல கிட்டத்தட்ட எல்லாத்தையும் தொடும், சுவரு, சட்டை, வானம்னு. அதனால இங்கயும் கருப்பு மாஸ்க்கு. டேன் நெஜமாத் தெரியுறதும் பொய்யாத் தெரியுறதும் பிரஷ் போற எடத்துலதான் இருக்கு: நெத்தி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு, தோள், முன்னங்கையோட வெளிப்பக்கம் இங்கெல்லாம் முழுசா. தாடைக்கு அடியில, காதுக்குப் பின்னாடி, கையோட உள்பக்கம் இங்கெல்லாம் பாதிகூட வேணாம். உள்ளங்கையைத் தொடவே கூடாது, நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு வெயில் பட்டாலும் உள்ளங்கை வெளுப்பாத்தான் இருக்கும், அதைக் கருக்க வச்சுட்டா பார்க்குறவங்களுக்கு ஏன்னு தெரியாமலே படம் இடிக்கும். நகமும் அப்படித்தான். கை, புஜம் ரெண்டையும் சேர்க்குற வேலையில சட்டைக் கோட்டுக்கு மேல மட்டும் பெயிண்ட் அடிச்சு, கோடு விழுற எடத்துல பிரஷ்ஷைப் பெருசாக்கி ஒரே ஒரு தடவை இழுத்து விடுங்க.

செவப்பும் இருக்கு, டேனும் வேணும்னா வரிசை முக்கியம்: மொதல்ல செவப்புத் தணிக்கிற லேயர் கீழ, டேன் லேயர் அதுக்கு மேல. மாத்திப் போட்டா வெந்த எடம் இன்னும் அடர்த்தியாகி மெரூன் திட்டாயிடும், அப்புறம் மெஜந்தா எவ்வளவு குறைச்சாலும் அடங்காது.

கடைசியா, போன்ல செக் பண்றதுக்கு முன்னாடி நைட் மோட், ட்ரூ டோன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, அதுங்க ஸ்க்ரீனை மஞ்சளாக்கிக் காட்டுறதால இல்லாத டேனை இருக்குன்னு சொல்லும். ஆல்பம் லேபுக்கு அனுப்புறப்போ எந்த ப்ரொஃபைல் வேணும்னு கேட்டுக்கோங்க, ஒண்ணும் சொல்லலன்னா sRGB-ல அனுப்புங்க, முடிஞ்சா மூக்கும் நெத்தியும் நல்லாத் தெரியுற ஒரு போட்டோவை மட்டும் மொதல்ல பிரிண்ட் போட்டு வாங்கிப் பாருங்க, ஏன்னா ஸ்க்ரீன்ல லேசா விட்டு வச்ச அந்தச் செவப்பு பேப்பர்ல சில சமயம் தூக்கலா வரும், அப்போ மிச்சப் படத்துல மெஜந்தாவை இன்னும் அஞ்சு பாயிண்ட் இறக்கிட்டு மொத்தத்தையும் அனுப்பலாம்.